ஒரே எண்ணில் மூன்று இரைச்சல்

தூக்கத்துக்காக யூடியூபில் ‘பிரவுன் நாய்ஸ் 10 மணி நேரம்’ என்று தேடிப் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு தொல்லை தெரிந்திருக்கும். நடுராத்திரி 2 மணிக்கு அந்த ஹோவென்ற சத்தம் நின்றுபோய், சமையல் எண்ணெய் விளம்பரம் பாட ஆரம்பிக்கும். விளம்பரம் இல்லாமல் கேட்க மாதாமாதம் பணம் கட்டவேண்டும். கட்டிக் கேட்பது என்னவென்றால், ஒரு கணினி சில வினாடிகளில் உருட்டிப் போட்ட தற்செயல் எண்களின் வரிசையைத்தான். அந்த வரிசையை நாமே உருட்டிக்கொள்ளலாம். இருபது வரிப் பைதான் நிரல் போதும்.

அதற்கு முன், சீரான இரைச்சல் எதற்கு உதவுகிறது என்று பார்த்துவிடலாம். தூங்குகிறவரை எழுப்புவது பெரும்பாலும் சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அதில் வரும் திடீர் மாற்றம். தெருவில் ஒரு பைக் முறுக்கிக்கொண்டு போகிறது, மாடியில் நாற்காலி இழுபடுகிறது. அமைதியான அறையில் இவை துருத்திக்கொண்டு தெரியும். அறையில் ஏற்கெனவே ஒரு சீரான சத்தம் இருந்தால் அந்தத் துருத்தல் குறைகிறது. மின்விசிறி சுழலாமல் தூக்கம் வராது என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. காற்றோடு சேர்த்து அதன் சத்தத்துக்கும் அவர்கள் பழகியிருக்கிறார்கள். கரண்ட் போனதும் வியர்ப்பதற்கு முன்பே விழிப்பு வருவது அதனால்தான்.

இப்போது அந்த மூன்று பெயர்களுக்கு வருவோம். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு ஸ்தாயி என்றால் என்னவென்று தெரியும். ஒரு ஸ்தாயி ஏறினால் ஒலியின் அதிர்வெண் இரண்டு மடங்காகும். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. 20 முதல் 40 வரை ஒரு ஸ்தாயி, 40 முதல் 80 வரை இன்னொன்று, இப்படி எண்ணிக்கொண்டு போனால் மொத்தம் பத்து வரும். ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒலியின் ஆற்றல் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் இந்த மூன்று இரைச்சல்களுக்கும் உள்ள ஒரே வித்தியாசம்.

வெள்ளை இரைச்சலில் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் சமமான ஆற்றல் உண்டு. மேல் ஸ்தாயிகளில் ஹெர்ட்ஸ்கள் அதிகம் என்பதால் ஒரு ஸ்தாயி ஏறும்போதெல்லாம் ஆற்றல் இரட்டிக்கிறது. மொத்த ஆற்றலில் பாதி கடைசி ஸ்தாயியிலேயே குவிந்துவிடும். அதனால்தான் அது ‘ஸ்ஸ்’ என்று காதைக் குத்துகிறது. பிங்க் இரைச்சலில் எல்லா ஸ்தாயிக்கும் சம பங்கு. ‘ஷ்ஷ்’ என்று கொஞ்சம் தணிந்து ஒலிக்கும். பிரவுன் இரைச்சலில் கணக்கு தலைகீழ். ஒரு ஸ்தாயி ஏறினால் ஆற்றல் பாதியாகிறது. ஆற்றலெல்லாம் அடியில் தேங்கிவிடுவதால் ஆழமாக, ஹோவென்று கேட்கிறது.

இரட்டிப்பு, சமம், பாதி. இந்த மூன்றையும் ஒரே சூத்திரத்தில் எழுதலாம். ஆற்றல் `1/f^a` என்ற விகிதத்தில் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், `a` பூஜ்யம் என்றால் வெள்ளை, 1 என்றால் பிங்க், 2 என்றால் பிரவுன். 1.5 என்று கொடுத்தால் பெயரில்லாத ஒன்று கிடைக்கும். தூக்கத்துக்குப் பலருக்கும் அது பொருந்திப்போகலாம். கடையில் கிடைக்கும் மூன்றுக்குள்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

கணினியில் பைதான் இருக்கவேண்டும். கூடவே `pip install numpy` என்று ஒருமுறை கொடுத்து நம்பை என்ற கணிதத் தொகுப்பை நிறுவிக்கொள்ளவேண்டும். கீழே உள்ளதை `noise.py` என்ற பெயரில் சேமியுங்கள்.

```python
import wave
import numpy as np

RATE = 44100
SECONDS = 300
POWER = 2      # 0, 1, 2
LOW = 20       # Hz
LEVEL = 0.15

n = RATE * SECONDS
x = np.random.default_rng().standard_normal(n)
f = np.fft.rfftfreq(n, 1 / RATE)
gain = np.zeros(len(f))
ok = f >= LOW
gain[ok] = f[ok] ** (-POWER / 2)
y = np.fft.irfft(np.fft.rfft(x) * gain, n)
y = np.clip(y / y.std() * LEVEL, -1, 1)

with wave.open("noise.wav", "wb") as w:
    w.setnchannels(1)
    w.setsampwidth(2)
    w.setframerate(RATE)
    w.writeframes((y * 32767).astype("<i2").tobytes())
```

`python noise.py` என்று ஓட்டினால், அதே ஃபோல்டரில் 26 எம்பி அளவில் `noise.wav` வந்து உட்காரும். ஐந்து நிமிட பிரவுன் இரைச்சல். `POWER` என்ற வரியில் உள்ள 2-ஐ 1 ஆகவோ 0 ஆகவோ மாற்றினால் மற்ற இரண்டும் கிடைக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். டிஜிட்டல் ஒலி என்பது ஒலிபெருக்கியின் திரை எந்த நொடியில் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லும் எண்களின் பட்டியல். ஒரு வினாடிக்கு 44,100 எண்கள். ஐந்து நிமிடத்துக்கு 1 கோடியே 32 லட்சம். `x` என்ற வரி அத்தனையையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் உருட்டிப் போடுகிறது. அதுவே வெள்ளை இரைச்சல். பிறகு வரும் `rfft` அந்தப் பட்டியலை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. ஃபூரியே மாற்றம் என்று கல்லூரியில் படித்தது இதுதான். ஒவ்வொரு அதிர்வெண்ணையும் `gain` சொல்லும் அளவுக்குக் குறைத்துவிட்டு `irfft` எல்லாவற்றையும் மறுபடி சேர்த்து ஒலியாக்குகிறது. `POWER`-ஐ இரண்டால் வகுத்திருப்பதைப் பார்த்து யாராவது குழம்பலாம். ஆற்றல் என்பது வீச்சின் வர்க்கம், நாம் மாற்றுவதோ வீச்சை. அதனால் பாதி.

பிரவுன் இரைச்சலுக்கு இதைவிடச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. பலரும் முதலில் முயல்வது அதைத்தான். ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் 1827-இல் மகரந்தத்திலிருந்து வெளிவந்து நீரில் மிதந்த நுண்துகள்கள் ஓயாமல் அங்குமிங்கும் துடிப்பதை நுண்ணோக்கியில் கண்டார். அந்தத் துடிப்பின் வரைபடமே இந்த இரைச்சல் என்பதால் அவர் பெயர் இதற்கு வந்தது. ஆகவே தற்செயல் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் பிரவுன் இரைச்சல் கிடைக்கவேண்டும். நம்பையில் அது ஒரே சொல், `np.cumsum(x)`. கணக்குப்படி சரிதான். ஓட்டிப் பார்த்தால் கோப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது.

காரணம் இது. இப்படிக் கூட்டிக்கொண்டு போகும் எண் எங்கும் கட்டுப்பட்டு நிற்பதில்லை. எத்தனை அடி வைத்தோமோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு அது தொடங்கிய இடத்தைவிட்டு விலகிப்போகும். 1 கோடியே 32 லட்சம் அடிக்கு வர்க்கமூலம் ஏறத்தாழ 3,600. இந்தப் பெரிய நகர்வு பல வினாடிகள், நிமிடங்கள் என மெதுவாக நடப்பதால் காதுக்கு எட்டாது. காதுக்கு எட்டும் 20 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியின் அளவு அதே கணக்கில் வெறும் 10-ஐ ஒட்டித்தான் வரும். மொத்தத்தையும் கோப்புக்குள் அடங்கும்படி சுருக்கும்போது, கேட்கவேண்டிய ஒலி சில நூறில் ஒரு பங்காக ஒடுங்கிவிடுகிறது. சுருக்காமல் விட்டால் எண்கள் எல்லையில் முட்டி ஒலி கரகரக்கும். ஆடாசிட்டியில் அந்தக் கோப்பைத் திறந்தால் நோய் தெரிந்துவிடும். அலைவடிவம் நடுக்கோட்டைச் சுற்றி நிற்காமல், மலைத்தொடர்போல ஏறி இறங்கித் திரியும்.

நம் நிரலில் `LOW` இருப்பது இதற்காகத்தான். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் அது பூஜ்யமாக்கிவிடுகிறது. அந்த மெதுவான நகர்வுக்கு இடமே இல்லை.

அதே `LOW` இன்னொரு விதத்திலும் முக்கியம். கணினியில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோது கம்பீரமாக இருந்த பிரவுன் இரைச்சல், செல்போனில் போட்டதும் காணாமல் போய்விட்டது என்று புகார் சொல்வார்கள். போனில் கோளாறு இல்லை. பிரவுன் இரைச்சலில் ஸ்தாயிக்கு ஸ்தாயி ஆற்றல் பாதியாகிறது என்றேன் அல்லவா? 20 ஹெர்ட்ஸில் தொடங்கினால் மொத்த ஆற்றலில் பாதி 20-க்கும் 40-க்கும் இடையிலேயே தீர்ந்துபோகும். 200 ஹெர்ட்ஸைத் தாண்டும்போது மிச்சம் பத்து சதவீதம், 500-ஐத் தாண்டும்போது நான்கு சதவீதம். செல்போனின் சின்ன ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. நாம் அனுப்பியதில் பெரும்பகுதியை அது வெளியே விடவே இல்லை. இது தெரியாமல் வால்யூமைக் கடைசிவரை ஏற்றினால், மீதமுள்ள கொஞ்சம் ஒலி நசுங்கிய உஸ்ஸென்ற சத்தமாக வரும்.

`LOW = 100` என்று மாற்றி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆற்றலில் பாதி இப்போது 100-க்கும் 200-க்கும் இடையில். 500 ஹெர்ட்ஸுக்கு மேலே கிடைப்பது நான்கு சதவீதத்திலிருந்து இருபதாக உயர்ந்துவிடும். கோப்பின் ஒட்டுமொத்த அளவு மாறவில்லை, போனில் கேட்பது மட்டும் ஐந்து மடங்கு. போனுக்கு ஒரு கோப்பு, நல்ல ஸ்பீக்கருக்கு இன்னொரு கோப்பு என்று இரண்டாக வைத்துக்கொள்வதே என் பழக்கம்.

`LEVEL` பற்றி ஒரு வார்த்தை. 0.15 என்பது ஒலியின் சராசரி அளவு. தற்செயல் எண்களின் இயல்புப்படி இத்தனை லட்சம் எண்களில் மிகப் பெரியது சராசரியைப்போல் ஐந்து மடங்கைக் கொஞ்சம் தாண்டும். 0.15-ஐ அந்த அளவால் பெருக்கினால் 0.8-ஐ ஒட்டி வரும். கோப்பின் எல்லையான 1-ஐத் தொடாது. 0.3 என்று வைத்தால் உச்சங்கள் வெட்டுப்படத் தொடங்கும். இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. மூன்று இரைச்சலுக்கும் ஒரே `LEVEL` கொடுத்தாலும் காதுக்கு அவை ஒரே சத்தமாகத் தெரியாது. நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் மிகக் கூர்மையானது. வெள்ளை இரைச்சல் அங்கே தாராளமாக இருக்கும், பிரவுன் அங்கே அநேகமாக இல்லை. பிரவுனுக்கு வைத்த வால்யூமில் வெள்ளையைப் போட்டால் தூக்கிவாரிப் போடும். வெள்ளைக்கு 0.05 போதும்.

இனி நீளம். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஐந்து நிமிடக் கோப்பா என்று கேட்கலாம். மொத்தத்தையும் ஒரே தடவையில் உருவாக்கப் பார்த்தால் கணினி திணறும். ஐந்து நிமிடத்துக்கே இந்த நிரல் நினைவகத்தில் பல நூறு எம்பி எடுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரத்துக்கு அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. அதற்கு அவசியமும் இல்லை. ஒரே இரைச்சல் திரும்பத் திரும்ப வருவதைக் காது கண்டுபிடிப்பது அந்தத் துண்டு சில வினாடிகளே நீளம் உள்ளபோதுதான். ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்ட இரைச்சலை யாராலும் அடையாளம் காண முடியாது.

கேட்பது துண்டுகளின் ஒட்டு. சாதாரணமாக எந்த ஒலிக்கோப்பைத் திருப்பிப் போட்டாலும், முடிவில் உள்ள எண்ணும் தொடக்கத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. அந்த இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொடுக்கினால் தூக்கத்துக்கு வைத்த சத்தமே தூக்கத்தைக் கெடுக்கும். `cumsum` வழியில் செய்த பிரவுனில் இது மிக மோசம். தொடக்கமும் முடிவும் எங்கெங்கோ நிற்கும்.

நம் நிரலில் இந்தப் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடுகிறது. ஃபூரியே முறையில் சேர்க்கப்படும் ஒவ்வோர் அலையும் அந்த 300 வினாடிக்குள் முழு எண்ணிக்கையில் சுற்றி முடிக்கிறது. அரைகுறைச் சுற்று ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே கடைசி எண்ணுக்கு அடுத்து வரவேண்டியது எதுவோ அதுவே முதல் எண். வளையலுக்கு முனை இல்லாததுபோல இந்தக் கோப்புக்கும் முனை இல்லை. சந்தேகம் இருந்தால் நிரலின் கடைசியில் இதைச் சேர்த்துப் பாருங்கள்.

```python
print(abs(y[0] - y[-1]))
print(np.abs(np.diff(y)).mean())
```

முதல் எண், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளி. இரண்டாவது, கோப்புக்குள் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே சராசரியாக உள்ள இடைவெளி. முதலாவது இரண்டாவதைவிடச் சிறிதாகவோ, மிஞ்சினால் மூன்று நான்கு மடங்காகவோ இருந்தால் ஒட்டு கேட்காது. நூறு மடங்கு என்று வந்தால் சொடுக்கு நிச்சயம்.

இவ்வளவும் செய்துவிட்டு எம்பி3 ஆக மாற்றினால் உழைப்பு வீண். எம்பி3 வடிவம் கோப்பின் இரு முனைகளிலும் நொடிக்கும் குறைவான வெறுமையைச் சேர்த்துவிடும். திருப்பிப் போடும்போது அது ஒரு விக்கலாகக் கேட்கும். போதாததற்குக் குறைந்த பிட்ரேட்டில் வெள்ளை இரைச்சல் தண்ணீருக்குள் கொப்பளிப்பதாக ஒலிக்கும். எதை விட்டுவிட்டால் காது கவனிக்காது என்று பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் அந்த வடிவத்தின் சாமர்த்தியம். எல்லாமே சமமாக உள்ள இடத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. பல போன்களில் உள்ள இசைச் செயலிகளும் ஒரே பாட்டைத் திருப்பிப் போடும்போது நடுவில் ஒரு கணம் நின்று தொடர்கின்றன. அதனால் எட்டு மணி நேரக் கோப்பாகவே செய்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவி உதவும்.

```
ffmpeg -stream_loop 95 -i noise.wav -c:a libopus -b:a 64k night.opus
```

முதல் தடவையோடு மேலும் 95 தடவை, ஆகமொத்தம் 96. ஐந்து நிமிடத்தால் பெருக்கினால் 480 நிமிடம், சரியாக எட்டு மணி நேரம். ஓபஸ் வடிவத்தில் ஏறத்தாழ 230 எம்பி வரும். இதையே டபிள்யூஏவி ஆக வைத்தால் இரண்டரை ஜிபி ஆகும். அந்த வடிவத்துக்கு நான்கு ஜிபிதான் எல்லை என்பதால் ஸ்டீரியோவில் எட்டு மணி நேரம் அதற்குள் அடங்காது.

செய்த கோப்பை யூடியூபில் ஏற்றிக் காசு பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கதை. ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் செபாஸ்டியன் டோம்சாக் தானே உருவாக்கிய பத்து மணி நேர வெள்ளை இரைச்சலை யூடியூபில் ஏற்றியிருந்தார். அது தங்கள் படைப்பு என்று ஐந்து பதிப்புரிமைக் கோரிக்கைகள் அதன்மேல் விழுந்த செய்தி 2018 தொடக்கத்தில் வெளியானது. தற்செயல் எண்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று தீர்ப்பு சொல்லும் வேலை ஓர் இயந்திரத்திடம் இருந்தால் இப்படித்தான் ஆகும். நம் போனில் நாம் போட்டுக்கொள்வதற்கு அந்த வம்பு இல்லை.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா? தூக்கத்துக்குச் சீரான இரைச்சல் உதவுவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சான்றுகளின் தரம் மிகக் குறைவு என்று முடித்தது. கவனம் குவிவது பற்றி 2024-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு சுவாரசியமானது. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வெள்ளை, பிங்க் இரைச்சல்களால் சிறிய பலன் உண்டு என்றது. அந்தக் கோளாறு இல்லாதவர்களுக்கு அதே இரைச்சல் வேலையைக் கொஞ்சம் கெடுக்கிறது. சமூக ஊடகங்களில் கொடிகட்டிப் பறக்கும் பிரவுன் இரைச்சல் குறித்துச் சேர்த்துக்கொள்ளத் தக்க ஓர் ஆய்வுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எது நல்லது என்று எவரும் அடித்துச் சொல்வதற்கில்லை. அறைக்கு வெளியிலிருந்து சத்தம் வருகிறது, அது எழுப்பிவிடுகிறது என்றால் இதைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. ஏற்கெனவே அமைதியான அறையில் நன்றாகத் தூங்குகிறவருக்கு இது வேண்டாத வேலை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தனிக் கவனம் தேவை. குழந்தைகளைத் தூங்கவைக்க விற்கப்படும் 14 இரைச்சல் கருவிகளை முழு வால்யூமில் வைத்து அளந்த ஆய்வு ஒன்று 2014-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று கருவிகள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலைக்கே அதுதான் மேல்வரம்பாகச் சொல்லப்படும் அளவு. போனைத் தொட்டிலுக்குள் வைக்கக் கூடாது. அறையின் மறுகோடியில், குறைந்த வால்யூமில் இருக்கட்டும். பெரியவர்களுக்கும் இதே அளவுகோல்தான். இரைச்சல் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் பேசுவது காதில் விழவேண்டும். குரலை உயர்த்தவேண்டியிருந்தால் சத்தம் அதிகம்.

இன்னும் ஒரே ஒரு திருத்தம் பாக்கி. ஓடிக்கொண்டிருக்கும் இரைச்சல் விடிகாலையில் சட்டென்று நின்றாலும் விழிப்பு வரும். கரண்ட் போன கதைதான். கடைசி அரைமணி நேரத்தில் அது மெல்ல அடங்கும்படி, மேலே சொன்ன கட்டளையில் `-b:a 64k` என்பதற்கு முன்னால் இதைச் சேர்த்துவிடுங்கள்.

```
-af afade=t=out:st=27000:d=1800
```

27,000 என்பது ஏழரை மணி நேரத்தின் வினாடிக் கணக்கு, 1,800 என்பது அரைமணி நேரம். ஐந்து மணிக்கே எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் 95-ஐயும் 27,000-ஐயும் தங்கள் நேரத்துக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளலாம்.